80 நிமிட வீடியோவும் இரண்டரை நிமிட வீடியோவும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், யூடியூப் சேனல் பொறுப்பைப் பார்க்கும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம கூட்டமைப்பு சேனலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னாங்க. ஆரம்பித்த கதை, எத்தனை பேர் சப்ஸ்கிரைப் பண்ணியிருக்காங்க என்பதெல்லாம் ஆண்டறிக்கையிலேயே இருக்கு, அதைத் திரும்பப் படிக்கப் போறதில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். நாங்க ஒரு தப்பான முடிவு எடுக்க இருந்தோம். ஒரு சதவீதக் கணக்கைத் தப்பாப் படிச்சதுதான் அதுக்குக் காரணம்.

நம்ம சேனலில் ரெண்டு தையல் வீடியோ இருக்கு. ஒண்ணு, ஹூக் பட்டி சுருக்கம் விழாமல் தைப்பது எப்படி என்று. இரண்டரை நிமிஷம்தான். இன்னொண்ணு, நம்ம தையல் அக்கா நடத்திய முழு வகுப்பு. அளவு பிளவுஸை வைத்து அளவெடுப்பதில் ஆரம்பித்து, துணியில் வரைந்து, வெட்டி, கை கட்டிங் வரைக்கும். 80 நிமிஷம்.

மூன்று மாசம் கழித்து சேனல் குழு உட்கார்ந்து யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து பார்த்தோம். அங்கே ஒவ்வொரு வீடியோவுக்கும் "சராசரியாக எத்தனை சதவீதம் பார்த்தார்கள்" என்று ஒரு எண் வரும். ஹூக் பட்டி வீடியோவுக்கு 60 சதவீதம். முழு வகுப்புக்கு 15 சதவீதம். பார்த்த உடனே ஒருத்தர் சொன்னாங்க, "80 நிமிஷம் யாரு உட்கார்ந்து பார்க்கப் போறா? இனிமே நீள வீடியோவே வேண்டாம், சின்னச் சின்னதாவே போடலாம்." எல்லாரும் தலையாட்டினோம், நானும்தான். முழு வகுப்பு இல்லையென்றால் தையல் அக்காவுக்குக் கொடுத்துவந்த மதிப்பூதியமும் இல்லை. அவங்க ஒண்ணும் பேசலை. டேப்பை மடிச்சுப் பையில வெச்சாங்க, அவ்வளவுதான்.

அன்னைக்கு அந்த முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் போனதுக்குக் காரணம் நம்ம பொருளாளர். "இரண்டரை நிமிஷத்துல 60 சதவீதம்னா எவ்வளவு? 80 நிமிஷத்துல 15 சதவீதம்னா எவ்வளவு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டாங்க. கணக்குப் போட்டோம். இரண்டரை நிமிஷம் என்பது 150 விநாடி. அதில் 60 சதவீதம் 90 விநாடி, அதாவது ஒன்றரை நிமிஷம். 80 நிமிஷத்தில் 15 சதவீதம் 12 நிமிஷம். சின்ன வீடியோவில் சராசரியாக ஒரு பார்வைக்கு ஒன்றரை நிமிஷம் உட்கார்ந்திருக்காங்க. நீள வீடியோவில் 12 நிமிஷம். எட்டு மடங்கு!

இப்படிச் சதவீதமாகச் சொல்வதை அப்சல்யூட் ரிடென்ஷன் என்கிறார்கள். நாம் அதைத் தனிக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடியோவை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் நூற்றுக்கு எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கணக்கு. கணக்கில் பொய் கிடையாது. ஆனால் இரண்டு வீடியோவின் நீளமும் ஒன்றாக இல்லாதபோது, இந்தச் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் எது கீழ் என்று சொல்ல முடியாது.

ஏன் முடியாது என்பது நமக்குப் புதுசு இல்லை. உள்கடன் கொடுக்கிறோம் இல்லையா? ஒரு உறுப்பினர் பத்து மாதத் தவணையில் கடன் வாங்கியிருக்காங்க, இன்னொருத்தர் 60 மாதத் தவணையில். ரெண்டு பேரும் ஒரு மாசம் தவறாமல் ஐந்து தவணை கட்டிட்டாங்க. முதல் ஆள் அசலில் 50 சதவீதம் கட்டியாச்சு. ரெண்டாவது ஆள் எட்டு சதவீதம்தான் கட்டியிருக்காங்க. அதுக்காக ரெண்டாவது ஆளைக் கடன் பாக்கி வைப்பவர் என்று எழுதுவோமா? எழுதினால் சும்மா விடுவாங்களா? 60 மாதக் கடன் வாங்கிய மற்றவங்க ஐந்தாவது மாசத்தில் எங்கே நிற்கிறாங்க என்று பார்த்துத்தான் இவங்களைப் பற்றிப் பேசுவோம்.

வீடியோவிலும் அதேதான். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குது என்று எழுந்து போகிறார் ஒருத்தர். ஹூக் பட்டி வீடியோவில் அவர் 80 சதவீதம் பார்த்தவர். முழு வகுப்பில் அதே ஆள் இரண்டரை சதவீதம் பார்த்தவர். பால் அதேதான், உட்கார்ந்த நேரமும் அதேதான். வகுக்கிற எண்தான் வேற.

அதனால் நாங்க தேடியது, 80 நிமிஷ வீடியோவை மற்ற 80 நிமிஷ வீடியோக்களோடு ஒப்பிடும் ஒரு கணக்கை. அதுக்கு ரிலேட்டிவ் ரிடென்ஷன் என்று பெயர், ஒப்பீட்டுக் கணக்கு. யூடியூபில் ஏறக்குறைய அதே நீளமுள்ள மற்ற வீடியோக்கள் அந்த அந்த இடத்தில் எவ்வளவு பேரை நிறுத்தி வைத்திருக்கின்றன, நம்ம வீடியோ எவ்வளவு பேரை நிறுத்தி வைத்திருக்கிறது என்று பார்ப்பது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டூடியோவில் வரைபடத்தின் மேலேயே "வழக்கமானது" என்று ஒரு பட்டை காட்டும். அது உலகத்து வீடியோக்களோடு ஒப்பிடுவது இல்லை. நம்ம சேனலிலேயே சமீபத்தில் போட்ட, அதே மாதிரி நீளமுள்ள பத்து வீடியோவோடு ஒப்பிடுவது. அதுவும் உபயோகம்தான், ஆனால் நம்மகிட்ட 80 நிமிஷ வீடியோ இருந்ததே ஒண்ணு. எதோடு ஒப்பிட?

மொத்த யூடியூபோடு ஒப்பிடும் எண்ணை, கம்ப்யூட்டர் படிக்கும் நம்ம உறுப்பினர் மகள் ஒருத்தி, சேனல் கணக்கில் அனுமதி வாங்கி, யூடியூப் அனலிட்டிக்ஸ் ஏபிஐ வழியாக எடுத்துக் கொடுத்தாள். அதில் தனிக் கணக்குக்குப் பெயர் `audienceWatchRatio`. ஒப்பீட்டுக் கணக்குக்குப் பெயர் `relativeRetentionPerformance`. பெயர் ஞாபகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, எழுதி வைத்துக்கொண்டு யாரிடமாவது காட்டினால் போதும். இந்த இரண்டாவது எண் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை போகும். 0.5 என்றால் நடுவில் இருக்கிறோம், அதே நீளமுள்ள வீடியோக்களில் பாதி நம்மைவிட நல்லா நிறுத்தி வைத்திருக்கு, பாதி நம்மைவிட மோசம். 0.7 என்றால் நூறில் சுமார் எழுபதை நாம் தாண்டியிருக்கோம்.

எண்கள் வந்ததும் நாங்க ஒரு நிமிஷம் பேசலை. ஹூக் பட்டி வீடியோ ஆரம்பத்திலிருந்து கடைசி வரை 0.4-ஐச் சுற்றியே இருந்தது. 60 சதவீதம் என்று நாங்க தூக்கிக் கொண்டாடிய வீடியோ, இரண்டரை நிமிஷ வீடியோக்களுக்குள் நடுவுக்குக் கீழே. 15 சதவீதம் என்று தள்ளிவிட இருந்த முழு வகுப்போ, முதல் கொஞ்ச நேரம் 0.3, அப்புறம் மெல்ல ஏறி, எட்டாவது நிமிஷத்திலிருந்து 0.7-க்கு மேலேயே கடைசி வரை. 80 நிமிஷ வீடியோவுக்குப் பாதியில் 9 சதவீதம் பேர் நிற்பது, மற்ற 80 நிமிஷ வீடியோக்களோடு வைத்துப் பார்த்தால் நல்ல கூட்டம்தான்.

வரைபடத்தைக் கண்ணால் பார்க்கும்போது ஏமாற இன்னொரு இடம் இருக்கு. போன் திரையில் ரெண்டு வரைபடமும் ஒரே அகலம்தான். ஏபிஐ கொடுக்கும் கணக்கிலும் எந்த வீடியோவானாலும் நூறு சமத் துண்டாகத்தான் பிரிக்கும். ஹூக் பட்டி வீடியோவில் ஒரு துண்டு ஒன்றரை விநாடி. முழு வகுப்பில் ஒரு துண்டு 48 விநாடி. இரண்டு வரைபடத்திலும் இடது ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் பார்க்கிறோம். அது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், சின்ன வீடியோவில் 15 விநாடி, பெரிய வீடியோவில் எட்டு நிமிஷம். சின்ன வீடியோவில் அந்த இடத்தில் 78 சதவீதம் பேர் இருந்தாங்க, பெரியதில் 34 சதவீதம். "பாருங்க, எப்படி மளமளன்னு இறங்குது" என்று நாங்க விரல் வைத்துக் காட்டிய இடம் அதுதான். ஒரு பக்கம் 15 விநாடி தாண்டியவங்க, ஒரு பக்கம் எட்டு நிமிஷம் தாண்டியவங்க. இதை ஒரே விரலால் அளந்தோம்.

சரி, கடிகார நேரத்தை வைத்தே பார்த்தால்? இரண்டரை நிமிஷம் முடியும்போது ஹூக் பட்டி வீடியோவில் 38 சதவீதம் பேர் மிச்சம். முழு வகுப்பில் அதே இரண்டரை நிமிஷத்தில் 52 சதவீதம் பேர். இப்படிப் பார்த்தால் பெரியதுதான் ஜெயிக்குது. ஆனால் இதையும் அப்படியே நம்பக்கூடாது என்பது என் அபிப்பிராயம். 80 நிமிஷம் என்று படத்தின் ஓரத்தில் பார்த்த பிறகும் தொடுகிறவங்க, உட்காரத் தயாராகவே வர்றாங்க. சின்ன வீடியோவில் ஒரு நிமிஷத்திலேயே விஷயம் கிடைத்துவிட்டால் போய்விடுவாங்க, அது குறையும் இல்லை. ஹூக் பட்டியை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தாங்க, தெரிந்ததும் மெஷினுக்குப் போயிட்டாங்க.

இன்னொரு விஷயத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த எண்ணும் இல்லை. பக்கத்து ஊராட்சிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண். முழு வகுப்பை நாலு ராத்திரி பார்த்து, அஞ்சாவது நாள் தன் முதல் பிளவுஸை வெட்டினாங்க. பிள்ளைகள் தூங்கினதும் தினம் 20 நிமிஷம், விட்ட இடத்திலிருந்து. இவங்க ஒரு நிமிஷம் விடாமல் 80 நிமிஷமும் பார்த்தவங்க. கணக்கில் எப்படி விழும்? நாலு ராத்திரியும் பெரும்பாலும் நாலு தனித்தனிப் பார்வையாக விழும், ஒவ்வொன்றும் 25 சதவீதம். சராசரி 25 சதவீதம்! அப்படிப் பார்க்கிறவங்கதான் நமக்கு வேண்டியவங்க, தனிக் கணக்கு அவங்களைக் கால்வாசியில் ஓடிப் போனவங்க மாதிரி காட்டுது. நீள வீடியோவைத் துண்டு துண்டாகப் பார்ப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அதனால், அதே நீளமுள்ள வீடியோக்களோடு ஒப்பிடும்போது இந்தக் குறை எல்லாப் பக்கமும் இருந்து ஓரளவு சமமாகிவிடும்.

அப்போ ஒப்பீட்டுக் கணக்கு ஒண்ணே போதுமா என்றால், போதாது. அது நீளத்தை மட்டும்தான் பார்க்குது, விஷயத்தைப் பார்க்கலை. 80 நிமிஷம் என்றால் அந்தக் கூட்டத்தில் தையல் வகுப்பும் இருக்கும், கோயில் கும்பாபிஷேக ஒளிபரப்பும் இருக்கும், நாடகமும் இருக்கும், தூங்குவதற்குப் போடும் மழைச் சத்தமும் இருக்கும். இரண்டரை மூணு நிமிஷம் என்றால் அங்கே சினிமாப் பாட்டு வந்து நிற்கும், அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாங்க. அதனால் ஹூக் பட்டி 0.4 வாங்கியதை வைத்து அந்த வீடியோ மோசம் என்றும் சொல்ல மாட்டேன். முழு வகுப்பு 0.7, ஹூக் பட்டி 0.4, அதனால் முழு வகுப்பு இரண்டு மடங்கு நல்லது என்றும் சொல்ல முடியாது. அதது அதன் நீளத்துக்கு எப்படி நிற்குது என்பதுக்கு மட்டுமே அந்த எண் பதில் சொல்லும்.

ஒப்பீட்டில் நல்ல எண் வந்தது என்று சந்தோஷப்பட்டு நாங்க தவறவிட இருந்த ஒண்ணும் இருக்கு. கை கட்டிங் 65-வது நிமிஷத்தில்தான் வருது. அந்த இடத்தில் ஒப்பீட்டுக் கணக்கு 0.7-க்கு மேலே. ஆனால் தனிக் கணக்கில் ஆறு சதவீதம். வந்தது 400 பார்வை. அப்படின்னா கை கட்டிங் வரை வந்தது 24 பார்வை. மற்ற 80 நிமிஷ வீடியோக்களைவிட மேல் என்பது உண்மை. கை கட்டிங்கைப் பெரும்பாலானவங்க பார்க்கவே இல்லை என்பதும் உண்மை. பிளவுஸில் கை கோணலாகப் போவதுதான் நம்ம ஆட்களின் பெரிய சிரமம் என்று தையல் அக்கா எப்பவும் சொல்வாங்க. அந்த இடம் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று கேட்டால், அதுக்குத் தனிக் கணக்குதான் பதில் சொல்லணும்.

ரெண்டு கணக்கையும் சேர்த்துப் படித்த பிறகு நாங்க செய்ததைச் சொல்றேன்.

முதலில், ஒப்பீடு 0.3-ல் கிடந்த அந்த ஆரம்பப் பகுதியைப் போட்டுப் பார்த்தோம். நாலு நிமிஷம்! மைக் சரிபண்ணுவது, வரவேற்புரை, பொன்னாடை, வந்தவர்களுக்கு நன்றி. அதில் நான் பேசியதே ஒன்றே முக்கால் நிமிஷம். மற்ற 80 நிமிஷ வீடியோக்களோடு வைத்துப் பார்த்தே அங்கே நாம் கீழே இருந்தோம் என்றால், நீளம் என்று சாக்கு சொல்ல முடியாது, அந்த இடத்தில் குறை இருக்கு என்று அர்த்தம். ஸ்டூடியோவில் உள்ள எடிட்டரிலேயே அந்தத் துண்டை வெட்டினோம். வீடியோவின் லிங்க் மாறாது, ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியவங்களுக்கும் அதேதான் திறக்கும்.

அடுத்து, 31-வது நிமிஷத்தில் தனிக் கணக்கு வரைபடம் மேட்டுக்கு ஏறியிருந்தது. 12 சதவீதத்தில் போய்க்கொண்டிருந்தது 17-க்கு ஏறி மறுபடி இறங்கியது. போன கூட்டம் எப்படித் திரும்பி வரும் என்று முதலில் புரியலை. பின்னால் இழுத்து மறுபடி பார்ப்பதும் கணக்கில் ஏறும், வேற இடத்திலிருந்து நேராக அங்கே குதிப்பதும் ஏறும். அதனால் சில வீடியோவில் 100 சதவீதத்தைத் தாண்டிக்கூட ஏறும். அந்த இடத்தில் தையல் அக்கா ஆர்ம் ஹோல் வளைவு வரைஞ்சுக்கிட்டிருந்தாங்க. ஒரு வேகத்தில் வரைஞ்சுட்டாங்க, பார்க்கிறவங்களுக்குப் பிடிபடலை, திரும்பத் திரும்ப ஓட்டியிருக்காங்க. நல்லா இருந்ததால் திரும்பிப் பார்த்தாங்களா, புரியாததால் பார்த்தாங்களா என்று வரைபடம் சொல்லாது. நாங்க ஆறு பேரைக் கேட்டோம். அஞ்சு பேர் புரியலைன்னாங்க.

அதனால் ஆர்ம் ஹோலுக்கு ஒண்ணு, கை கட்டிங்குக்கு ஒண்ணு என்று அக்காவையே வைத்து நிதானமாக, ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்துக்குள் தனி வீடியோ எடுத்தோம். முழு வகுப்பு அப்படியே இருக்கு. எடுக்கலை.

உங்க குழுவிலும் யாராவது வீடியோ போட்டால், ரெண்டு விஷயம் கவனிங்க. பார்வை மிகக் குறைவாக இருக்கும்போது எந்தச் சதவீதத்தையும் நம்பாதீங்க. 20 பார்வைதான் வந்திருக்கு என்றால் ஒரு ஆள் எழுந்து போனாலே அஞ்சு சதவீதம் இறங்கும். இன்னும் குறைவாக இருந்தால் வரைபடமே வராது, அப்போ பொறுத்திருக்கணும். இன்னொண்ணு, ஸ்டூடியோவில் "முதல் 30 விநாடி தாண்டியவர்கள்" என்று ஒரு எண் காட்டும். இரண்டரை நிமிஷ வீடியோவில் 30 விநாடி என்பது ஐந்தில் ஒரு பங்கு, அதற்குள் பாதி விஷயமே சொல்லியிருப்போம். 80 நிமிஷத்தில் அது நூல் கோர்க்கிற நேரம். அந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று பார்க்காதீங்க.

தையல் அக்கா இந்தக் கூட்டத்திலேயே மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அடுத்த முழு வகுப்பு லைனிங் பிளவுஸ், தேதி குழுக்களுக்குச் சுற்றறிக்கையில் வரும். இந்தத் தடவை வரவேற்புரை கிடையாது, நான் பேசப் போறதில்லை.